காரணம் எழுதாத கடுதாசி

எங்க ஆபீசு பெரிய குமாஸ்தாவுக்கு மூணு பக்கத்துக்குக் கொறைஞ்சு கடுதாசி எழுத வராது. எழவு வீட்டுக்கு அனுதாபம் எழுதினாக்கூட ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு எழுதற மனுஷன். அத்தனையும் இங்கிலீஷ். அத்தனையும் டைப் அடிச்சவ நான். ராயபுரத்துல, துறைமுகத்தைப் பார்த்த மாடியில, வேர்க்கடலையும் தோலும் கப்பலேத்துற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அது. மிஷன் இஸ்கூல்ல டைப் கத்துக்கிட்டு அங்க வேலைக்குப் போனேன். அந்த மாடியில பொம்பளைன்னு இருந்தது நான் ஒருத்திதான். யாரை வேலையை விட்டு அனுப்பினாலும் அந்தக் கடுதாசி என் விரல் வழியாத்தான் போகணும். "உன் விரலு சொன்ன பேச்சு கேக்குது, வாயிதான்டி கேக்க மாட்டேங்குது"ன்னு எங்கம்மா சொல்லும்.

மொத கூத்து கேட்டுக்காரனோடது. கிடங்குல கோணிப்பை காணாமப் போச்சு. எடுத்தது யாருன்னு ஒருத்தரும் பார்க்கல. ஆனா பெரிய குமாஸ்தாவோட ஜட்கா வந்தா அந்தக் கேட்டுக்காரன் பீடியைக் கீழே போடாம சலாம் வெப்பான். அது போதாதா? அவனை அன்னிக்கே அனுப்பணும்னு துரைகிட்ட ஓதி, கடுதாசி எழுத உக்காந்தாரு. கவனக்குறைவு, மரியாதையின்மை, குடி, திருட்டு, மேலதிகாரியை முறைச்சுப் பார்த்தது. அஞ்சு காரணம்! முறைச்சுப் பார்த்ததுக்கு மட்டும் அரைப் பக்கம்.

"ஐயா, ஒரு மாச நோட்டீஸ் குடுத்து, இனிமே நீ வேணாம்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுதே. ஏன்னு கேக்க யாராலயும் முடியாதே"ன்னேன். ஆபீசுல வேலைக்குச் சேரும்போது எல்லாரும் கையெழுத்துப் போடற காகிதத்துல அப்படித்தான் இருந்தது. ரெண்டு பக்கமும் ஒரு மாசம் சொல்லிட்டு விலகிக்கலாம்.

"நீ அடிக்கத்தான் சம்பளம், யோசிக்க இல்ல"ன்னாரு. இவரு யோசிக்கத்தான் சம்பளம் வாங்கினாராம்.

அதோட விட்டாரா? அந்தக் கடுதாசியோட இன்னொரு படியைக் கொண்டுபோய் கேட்டுலயே ஒட்டச் சொன்னாரு. மத்தவங்களுக்குப் பாடமா இருக்கணுமாம். மூட்டை தூக்கறவங்க, வண்டிக்காரங்க, டீ விக்கறவன் எல்லாரும் கும்பல் கூடி, இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு பையனை வெச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள திருவொற்றியூர் வரைக்கும் அவன் திருடன்.

கேட்டுக்காரன் நேரா ஒரு வக்கீல்கிட்ட போனான். வந்தது பாருங்க வக்கீல் நோட்டீஸ்! நோட்டீஸ் காலம் குடுக்காம அன்னிக்கே துரத்தினீங்களே, அப்போ நீங்க சொன்ன குத்தத்தை நீங்கதான் நிரூபிக்கணும். திருடினதைப் பார்த்தவன் யாரு? குடிச்சதை மோந்தவன் யாரு? அதைக் கேட்டுல ஒட்டி ஊருக்குக் காட்டினீங்களே, அந்த மானநஷ்டத்துக்கு யாரு பதில்? கம்பெனி வக்கீல் படிச்சுப் பார்த்துட்டு, கோர்ட்டுப் படி ஏறாதீங்க, சமாதானம் பண்ணிக்கங்கன்னுட்டாரு. கோணிப்பையோட ரெண்டு சாட்சிக்கு முன்னால பிடிச்சிருந்தா, அந்த ஒண்ணை மட்டும் தேதியோட எழுதியிருக்கலாம், எவனும் அசைக்க முடியாதுன்னும் சொன்னாரு. கடைசியில "ஆதாரமில்லாமல் எழுதிவிட்டோம், வருந்துகிறோம்"னு துரை கையெழுத்துப் போட்ட காகிதம், அதே கேட்டுல, அதே ஆணியில, மொதக் கடுதாசி தொங்கின அத்தனை நாளும் தொங்கிச்சு. அடிச்சவ நான்தான். ஒரு பிழை கூட விடல.

அப்புறம் துரை ஒரு ஆர்டர் போட்டாரு. இனிமே எந்த வேலைநீக்கக் கடுதாசியிலயும் காரணமே கூடாது. ஒரே வரி. "இந்த மாத முடிவோடு உங்கள் வேலை முடிவடைகிறது." அவ்வளவுதான். எனக்கு ஒரே குஷி. நான் சொன்னது ஜெயிச்சிடுச்சாம்! முட்டாள்தனத்துல எனக்கும் பங்கு இருந்தது. ஒருத்தன் விஷயத்துக்குச் சொன்ன புத்தியை எல்லாருக்கும் சட்டமாக்கினா என்ன ஆகும்னு அப்போ தோணல.

ஆனது என்னன்னா, ஊரு கெட்டிக்காரத்தனம் பண்ணிச்சு. கேட்டுக்காரன் கதை எண்ணூரு வரைக்கும் தெரியும். அந்தக் கம்பெனி சூடு பட்ட பூனை, திருடனைப் பிடிச்சாலும் இனிமே எழுத மாட்டான், சும்மா ஒரு வரி எழுதி அனுப்பிடுவான்னு கிடங்குக்குக் கிடங்கு பேச்சு. ஒரு வரிக் கடுதாசியை எவன் கொண்டுபோய் நீட்டினாலும் அவன் கையைத்தான் மொதல்ல பார்த்தாங்க. கடுதாசியில காரணம் இல்லன்னா, காரணத்தைப் படிக்கறவனே போட்டுக்குவான்.

உலகம் பூரா யாவாரம் படுத்த வருஷம் வந்தது. கப்பல் வரத்து கொறைஞ்சு, எங்க எடை ஷெட்டையே மூடினாங்க. அங்க எடை குமாஸ்தாவா இருந்தவரு தண்டையார்பேட்டை பாய் ஒருத்தரு. எனக்கு மொத நாள்லேர்ந்து தெரியும். மாடிப்படி ஏறி வந்தா "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா?"ன்னு கேக்காம எடைச் சீட்டை நீட்ட மாட்டாரு. அவருக்கும் ஒரு வரி. அடிச்சுக் குடுத்தவ நான்.

பத்து நாள் கழிச்சு வந்தாரு. சாப்ட்டியான்னு கேக்கல.

"எர்ணாவூர்ல எண்ணெய் மில்லுல எடைக்கு ஆள் வேணும்னாங்கோ. போனேன். கடுதாசியப் பார்த்துட்டு அந்த மேனேஜர் இன்னா கேட்டாரு தெரியுமா? இன்னா எடுத்தேன்னு கேட்டாரு, தங்கச்சி! பன்னெண்டு வருசமா தராசு புடிச்ச கையி இது. ஒரு நாளு முள்ளு சாய வுட்ருப்பேனா? சனிக்கிழமைக்குள்ள ஏன் அனுப்புனாங்கோன்னு எழுதி வாங்கினு வா, இல்லாங்காட்டி வேற ஆளு எடுத்துக்குவோம்னாரு. ஷெட்டு மூடிக் கீது. அத்தத்தான் எழுதணும். ஒரே ஒரு வரி."

அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.

பெரிய குமாஸ்தாகிட்ட போனேன். "ஆர்டர் இருக்கே, காரணம் எழுதக் கூடாதுன்னு"ன்னாரு. பார்க்காத திருட்டை அரைப் பக்கம் அளந்த கை, ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியற பூட்டை எழுத மாட்டேங்குது! த்தூ, இதுக்குப் பேரு ஒழுங்காம்.

துரைகிட்டயே போனேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். ஐயா, கேட்டுக்காரன் விஷயத்துல நாம எழுதின காரணம் அவனைப் பத்தினது. அதை நாம நிரூபிக்கணும், முடியல, அதனால வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இது அப்படி இல்ல. இந்தக் காரணம் நம்மளைப் பத்தினது. நம்ம ஷெட் மூடினது நமக்குத் தெரியாதா? இதுக்கு எவன் வந்து கேஸ் போடுவான்? இங்க பேசாம இருந்தாத்தான் அந்த மனுஷன் தலையில திருட்டுப் பட்டம்.

துரை பைப்பைத் தட்டிட்டு, யாவாரம் கொறைஞ்சதுன்னு நம்ம காகிதத்துல நம்ம கையெழுத்தோட வெளிய போனா, சரக்கு குடுக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னாரு. அப்படிப் போடு! கம்பெனி ஜம்பம் காப்பாத்த பாய் திருடனா இருக்கணும். கோர்ட்டுப் பயம்னு நான் நெனைச்சேன். பயமும் இல்ல, புத்தியும் இல்ல, வெறும் வீம்பு.

வெள்ளிக்கிழமை ஒரு கடுதாசி அடிச்சேன். எர்ணாவூர் மில்லு மேனேஜர் பேருக்கு. "எங்கள் எடை ஷெட் மூடப்பட்டதால் இவர் வேலை முடிந்தது. இவர்மேல் எந்தக் குறையும் இல்லை." ரெண்டே வரி. நாலு மணிக்குக் கையெழுத்துக் கட்டு துரை மேசைக்குப் போகும். நாலரைக்கு அவர் கிளப்புக்குப் போகணும். படிச்சா போடறாரு? அட்டையைத் திறந்து வெச்சா, போட்ட மை காயறதுக்குள்ள அடுத்தது. ஒன்பதாவதா வெச்சேன். கையெழுத்து விழுந்தது. கார்பன் படியை முறையா ஃபைல்ல போட்டேன். பண்ணினது தப்பா இருந்தாலும் ஃபைல் ஒழுங்கா இருக்கணும் எனக்கு.

சனிக்கிழமை பாய்க்கு வேலை கிடைச்சுது.

மாட்டிவிட்டது மில்லு மேனேஜரோட நல்ல மனசு. "உங்கள் எடை ஷெட்டை மூடும்படி ஆனதற்கு வருந்துகிறோம், காலம் மாறும்"னு துரைக்கு ஆறுதல் எழுதிட்டாரு! துரை மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு. ஃபைலைக் கொண்டான்னாரு. படி இருந்தது. கையெழுத்து அவரோடது.

பெரிய குமாஸ்தாவுக்குத் தீபாவளி. என்னை நீக்க மூணு பக்கம் எழுதினாரு. துரைக்குத் தெரியாமலே துரை கையெழுத்தை வாங்கினதுன்னு மொதல் காரணம். துரை அதைப் படிச்சாரு. இதை மட்டும் ஒழுங்கா படிச்சாரு. இது வெளிய போனா துரை படிக்காம கையெழுத்துப் போடறாருன்னு அவரே எழுதிக் குடுத்த மாதிரி ஆகுமே! மூணு பக்கத்தையும் குறுக்கால கோடு போட்டு அடிச்சுட்டு, "ஒரு வரி"ன்னாரு. நானே அடிச்சேன். நானே கட்டுல வெச்சேன்.

அடுத்த வாரம் கடற்கரை ரோட்டுல இன்னொரு கப்பல் கம்பெனிக்குப் போனேன். அங்க இருந்த மேனேஜர் என் ஒரு வரியைப் படிச்சாரு. கையைப் பார்க்கல. "பாவம், உங்க கம்பெனியில ஷெட்டெல்லாம் மூடறாங்களாமே, ஆள் குறைக்கறாங்க போல"ன்னாரு. என் ரெண்டு வரிச் சேதி எனக்கு முன்னாலயே அங்க வந்து சேர்ந்திருக்கு. நான் தலையை ஆட்டியிருந்தா போதும். திங்கக்கிழமைலேர்ந்து வான்னு சொல்லத்தான் பேனாவைத் திறந்தாரு.

இல்லாத காரணத்துக்குத் தலையாட்ட எனக்குப் பொறுக்கல. துரை, குமாஸ்தா, ஒன்பதாவது காகிதம் எல்லாத்தையும் நம்பர் போட்டுச் சொன்னேன். அவர் கேட்டு முடிச்சு, பேனாவை மூடி, கடுதாசியை மடிச்சு என் பக்கம் தள்ளினாரு. தன் கையெழுத்து எந்தக் காகிதத்துல விழுதுன்னு பயப்பட அவருக்கும் உரிமை இருக்கில்ல.

நாலு மாசம் வீட்டுல உக்காந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை பாய் வந்தாரு. நடந்ததைச் சொல்லி அந்த மேனேஜரைத் திட்டு திட்டுன்னு திட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டாரு.

"அவருதான் காரணமே கேக்கலியே, தங்கச்சி"ன்னாரு.