ஒரு கம்பெனிக்கு ஒரே வழி

மலேசியாவில், குளுவாங் ஊரில் கோமளாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் தரம் பார்த்தவள் அவள். பிசகு இருக்கும் பெட்டியில் கையெழுத்துப் போடு என்று மேனேஜரே வந்து நின்றாலும் போடமாட்டாள். அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடி ஏழு மாதம் ஆயிற்று. நாற்பத்துமூன்று வயதுக்காரியை யார் கூப்பிடுகிறார்கள்? போன் ஊமையாகவே கிடந்தது.

ஒருமுறை கூப்பிட்டார்கள். அதையும் அவளே கெடுத்துக்கொண்டாள். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இரண்டு ஏஜென்சிகள் உங்களை அனுப்பட்டுமா என்று கேட்டன; இரண்டுக்கும் சரி என்றாள். இருவருமே அவளுடைய ரெசுமேயை ஒரே கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்கள். ஆள் எங்களுடையது, கமிஷனும் எங்களுக்குத்தான் என்று இருவரும் சண்டைக்குக் கிளம்ப, இந்த வம்பே வேண்டாம் என்று கம்பெனி வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். கோமளாவுக்கு நன்றாகவே பட்டது.

அதனால்தான் இந்தத் தடவை ஒரே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள். குளுவாங்கில் சின்னதாக ஏஜென்சி நடத்தும் ரூபினி. செனாயில் மருத்துவமனைக் குழாய் செய்யும் செரோஜா மெடிக்கலுக்கு, தர மேற்பார்வையாளர் வேலைக்கு, மூன்றாம் தேதி கோமளாவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அன்றே அனுப்பினாள் ரூபினி. பகல் வேலை. கோமளாவுக்கு அத்துப்படியான வேலை. ராத்திரி பகலாக மனசு அதையே சுற்றியது.

ஒன்பதாம் தேதி காலை, பாசாரில் கீரைக்காரியின் மேசையில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜோகூர் பாருவில் பெரிய ஏஜென்சி. பேசியவன் பெயர் அர்ஜுன்; இணையத்தில் அவள் போட்டிருந்த ரெசுமேயைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தான்.

“அக்கா, செனாய்ல நல்ல கம்பெனி ஒண்ணு. குழாய் செய்றாங்க. கியூசி சூப்பர்வைசர். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி வேலை லா.”

கோமளா கீரையைக் கீழே வைத்தாள்.

“கம்பெனி பேர் என்ன, தம்பி?”

“அத இப்ப சொல்ல முடியாதுக்கா. சரின்னு ஒரு ஈமெயில் போடுங்க, சொல்றேன்.”

“பேர் தெரியாம சரின்னு எழுத மாட்டேன். செரோஜா மெடிக்கலா?”

“ஆமா.”

“அப்படின்னா வேணாம். மூணாந்தேதியே வேற ஏஜென்சி என்னை அங்க அனுப்பிட்டாங்க. நீங்க அனுப்பாதீங்க. வேற கம்பெனி இருந்தா சொல்லுங்க.”

அவன் விட்டானா? சின்ன ஏஜென்சி அனுப்பியதை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள், எங்களுக்கோ மேனேஜரையே நேராகத் தெரியும் என்றான். ஆறு நாளாக ரூபினியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இவன் சொல்வது உண்மையாக இருந்தால்?

“உங்க ஐசி கார்டுல, சரவணமுத்து மகள்னு, ‘கோமளா அனாக் பெரம்புவான் சரவணமுத்து’ன்னு தானேக்கா முழுப் பேர் இருக்கு? நாங்க ‘எஸ். கோமளா’ன்னு போட்டுடுவோம். எப்படியும் ரெசுமேல உங்க போன் நம்பரை எடுத்துட்டு எங்க நம்பரத்தான் போடுவோம். ஒரே ஆளுன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

அவ்வளவுதான். கலக்கமெல்லாம் போய்க் கோபம் வந்தது.

“இன்டர்வியூவுக்கு எந்த கோமளா போறது? நான் ஒருத்திதான் இருக்கேன். அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டேன். இப்பவே எழுத்துலயும் தரேன்.”

கீரைக்காரியின் மேசை ஓரத்திலேயே நின்று போனில் ஈமெயில் தட்டினாள்: செரோஜா மெடிக்கலுக்கு மூன்றாம் தேதி முதல் வேறோர் ஏஜென்சி என் சம்மதத்துடன் என் சார்பில் நிற்கிறது. அந்தக் கம்பெனிக்கு என் விவரத்தை அனுப்ப உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. அதை அவனுக்கு அனுப்பி, ரூபினிக்கும் ஒரு நகல் தட்டிவிட்டாள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுத்து போகாது.

பிறகு காத்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். நல்ல வழியை நானே அடைத்துவிட்டேனோ என்று மனசை அரிக்கும். இல்லை, செய்தது சரிதான் என்று தன்னையே அதட்டிக்கொள்வாள்.

பதினைந்தாம் தேதி ரூபினி கூப்பிட்டாள். “அக்கா, அந்த ஆளு உங்களை அனுப்பிட்டான். ‘எஸ். கோமளா’ன்னு.”

“போச்சா?”

“கேளுங்கக்கா. பதினேழு வருசம், அதே கையுறை ஃபேக்டரி, அதே சர்டிபிகேட். செரோஜா ஹெச்ஆர் உடனே கண்டுபிடிச்சிட்டாங்க. ரெண்டு ஏஜென்சி அனுப்பினா ரெண்டையும் ஓரமா வச்சிடுறதுதான் அவங்க வழக்கமாம். அதுக்கு முன்னாடி, சம்மதத்தோட யார் மொதல்ல அனுப்பினதுன்னு எங்க ரெண்டு பேரையும் கேட்டாங்க. உங்க மூணாந்தேதி லெட்டரையும், அவனுக்கு நீங்க போட்ட ஈமெயிலையும் அனுப்பினேன். அவன்கிட்ட காட்ட ஒண்ணுமே இல்ல.”

“அப்புறம்?”

“அவனோடத தள்ளிட்டாங்க. செவ்வாக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூன்னு லெட்டரும் வந்திடுச்சு.”

ஏழு மாதமாக அழாதவள் உட்கார்ந்து அழுதாள். ரூபினி போனை வைக்காமல் இருந்தாள்.

“அந்த லெட்டர்ல என் பேர எப்படிப் போட்டிருக்காங்க?” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் கோமளா.

“முழுசாத்தான் போட்டிருக்காங்கக்கா. கோமளா அனாக் பெரம்புவான் சரவணமுத்து.”