மாதிரிக்கு ஒரு படப்பைப் பெண்

ஏகநாதனிடம் ஜெயசீலி அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டிபன் டப்பாவில் பாதியைப் பகிர்ந்துகொண்டவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

கிழக்குத் தாம்பரத்தில், மருந்துக் கடை மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. தொண்ணூற்றொன்பதில் இன்டர்நெட்டில் கல்யாணம் பேசலாம் என்று எல்லோரும் கிளம்பியபோது, கிறிஸ்தவ வரன்களுக்கான வெப்சைட் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கொண்டுவந்தவளே ஜெயசீலிதான். படப்பையில் அவள் போகிற கோயிலின் பெரியவர் ஏசுபாதம், சுற்றியிருந்த பங்குக் கோயில்களுக்குப் பொதுவாக வரன் பார்க்கும் மையம் நடத்தினார்.

நாகலக்ஷ்மி என்ற புதுப் பெண் வேலையில் சேரவிருந்தாள். இதற்கு முன் வந்த பையன் பட்ட பாடு ஜெயசீலிக்கு மறக்கவில்லை. டேட்டாபேஸில் சோதனைக்குப் போட்டிருந்த பெயர்களெல்லாம் 'aaa', 'bbb'. எல்லோருக்கும் ஒரே வயது. தேடுகிற பக்கம் சரியாக வேலை செய்கிறதா இல்லையா என்று அந்தப் பையனால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

"இந்தத் தடவை நெஜ ஆளுங்க மாதிரி இருக்கணும் ஏகா," என்று அவள்தான் சொன்னாள். "ஊர், படிப்பு, வயசு எல்லாம் கலந்து வரணும். குறிப்புல சிலருக்கு ஒண்ணுமே இருக்கக் கூடாது, ஒருத்தருக்காவது நீளமா இருக்கணும். பெட்டிக்கு வெளியே எழுத்து வழியுதான்னு பாக்கணும்."

ஏகநாதன் அழகாகவே செய்தான். ஒரு ஸ்கிரிப்ட். ஓட்டினால் பழையதையெல்லாம் துடைத்துவிட்டு, முதலில் ஊர்களை ஏற்றும். பிறகு அந்த ஊர்களைச் சேர்ந்த வரன்களை ஏற்றும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே ஆட்கள்தான் வருவார்கள்.

சேர்ந்த அன்று காலையிலேயே நாகலக்ஷ்மி பக்கங்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இத எழுதினவர் கதையே எழுதலாம் போல. பாருங்களேன்."

ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். ஜெயராணி, வயது 29, படப்பை. குறிப்பு: கோவளத்து வரனுக்கு நிச்சயமாகி, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வாசிக்கவில்லை. சிறு வயதில் வலிப்பு வந்ததைப் பெண்ணே பையனிடம் சொன்னதால் சம்பந்தம் நின்றது.

பெயரைத் தவிர அத்தனையும் அவள்தான். ஓலை பாதியில் நின்றது ஊருக்கே தெரியும். காரணம் இரண்டு வீட்டாருக்கும் ஏகநாதனுக்கும் மட்டும்தான் தெரியும். பாவி, இதையா எடுத்துப் போட்டான்? அவனைக் கேட்கலாமென்றால் ஆளில்லை. மதியம் பார்வையிட வரும் ஏசுபாதத்தை அழைத்துவர பஸ் நிலையம் போயிருந்தான்.

ஜெயராணியை மட்டும் டேட்டாபேஸிலிருந்து அழித்தாள். அவசரத்தில் ஸ்கிரிப்டைத் திறந்து அங்கேயும் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஏசுபாதம் வந்து உட்கார்ந்தார். "நம்ம படப்பையைப் போட்டுக் காட்டும்மா. இன்னா கீதுன்னு பாப்போம்."

நாகலக்ஷ்மி பொறுப்பான பெண். "ஒரு நிமிஷம் சார். காலையில நெறைய மாத்தி மாத்திப் பாத்தேன். இப்பதான் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டி எல்லாத்தையும் புதுசாக்கினேன்," என்று சொல்லிக்கொண்டே படப்பையைத் தேர்ந்தெடுத்துத் தட்டினாள். படப்பைக்கென்று இருந்தது ஒரே பெண்தான். அவள் திரும்பி வந்திருந்தாள்.

ஏசுபாதம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிவரை படித்தார். பிறகு ஜெயசீலியைப் பார்த்தார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"அந்தப் பையன் வூட்டைத்தான் ஊரே திட்டிக்கினு இருந்தோம். இதானா விஷயம்? எங்களாண்ட சொல்லியிருக்கலாமேம்மா."

மற்ற பக்கங்களை அவர் பார்த்ததாகப் பேர். அவர் படியிறங்கிப் போனதும் ஏகநாதன் பக்கத்தில் வந்து நின்றான். "நீளமா ஒண்ணு வேணும்னு நீதானே கேட்டே. யோசிச்சா ஒண்ணும் வரல. பேரை மாத்திட்டேனே, ஜெயசீலி."

"மாத்தினே. உன் கதை ஒண்ணு கூடவா இல்ல, என்னுதை எடுத்துப் போட?"

இனி எந்தக் காலத்திலும் இவனிடம் எதையும் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து ஜெயராணியின் வரியை எடுத்தாள். மறுபடி ஓட்டிவிட்டுப் படப்பையைத் தட்டிப் பார்த்தாள்.

அந்த ஊரில் பெண் யாரும் இல்லை என்று வந்தது. ஏசுபாதம் அதற்குள் படப்பை பஸ்ஸில் ஏறியிருப்பார்.