சகலையும் கேட்க வேண்டிய விளம்பரம்

சோபாக்காரரை நான் முதலில் பார்த்தது எங்கள் ரேடியோ நிலையத்தின் வரவேற்பறையில். அங்கிருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, யார் தைத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் எழுதுகிறவன் நான்தான் என்றதும் நிமிர்ந்தார்.

"என் சகலைக்கு எழுதினது நீங்கதானே? அதவிட நல்லா எழுதணும்."

சகலை அவருடைய மனைவியின் தங்கை கணவர். இவரிடமே தொழில் பழகி, அடுத்த தெருவில் சோபா பழுது பார்க்கும் கடை போட்டவர். அந்தக் கடையின் விளம்பரம் வந்ததிலிருந்து இவர் கடையில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

"சாப்பாடு போடும்போதே, 'தங்கச்சி வீட்டுக்காரர் கடை ரேடியோல வந்துச்சு'ங்கிறா என் வீட்டுக்காரி. சோறு எப்படித் தம்பி உள்ள இறங்கும்?"

ஸ்பிரிங், பஞ்சு, கால், உறை என்று எல்லாவற்றுக்கும் தள்ளுபடி சொல்லச் சொன்னார்.

"முப்பது விநாடிதான் அண்ணே. ஒரு சலுகைதான் மனசுல நிக்கும். நம்பரை மட்டும் ரெண்டு தடவ சொல்லுவோம்."

"அவனுக்கு எத்தன தடவ?"

"ரெண்டு."

"அப்ப எனக்கு மூணு."

"மூணு சொன்னா சலுகைக்கு இடம் இருக்காது."

அரைமனதாக ஒத்துக்கொண்டார். சலுகை இதுதான்: இந்த வாரம் கூப்பிட்டால் சோபாவை எடுத்துப் போகவும் திருப்பிக் கொண்டுவரவும் வண்டிக் கூலி கிடையாது. கடையில் இருந்த ஒரே லேண்ட்லைன் எண்ணைக் கொடுத்தார்.

காலைச் செய்தி முடிந்ததும் அறிவிப்பாளர் அக்கா நேரலையில் வாசித்தார். இரண்டு தடவையும் எண்ணை ஒரே மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லி, நேரத்துக்குள் முடித்தார். வழக்கம்போல நான் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். பிஸி. கூட்டம் அள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி அடித்தேன், பிஸி. வெகுநேரம் அப்படியே இருக்கவும் சந்தேகம் வந்து, நேரில் கடைக்கே போனேன்.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருந்தார். "உனக்குச் சொன்னப்ப இவ்வளவு தெளிவா சொன்னாங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

விளம்பரம் தொடங்குமுன்பே சகலையைக் கூப்பிட்டு ரேடியோவைப் போடச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு போனை வைக்கவே இல்லை.

"அண்ணே, லைன வைங்க. உங்களுக்கு வர்ற போன் எல்லாம் திரும்பிப் போகுது."

அந்தப் பக்கமிருந்து சகலையின் குரல் எனக்கே கேட்டது. "அதத்தான் அண்ணே நானும் சொல்ல வர்றேன், நீங்க விட்டாத்தானே? உங்க லைன் கிடைக்கலன்னு, என் விளம்பரத்துல சொன்ன செல்லுக்கு நாலு பேர் அடிச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன் நம்பருக்கே போடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சோபாக்காரர் ரிசீவரை வைத்தார். முகம் சுண்டிப்போனது.

"பாத்தீங்களா தம்பி, எனக்கே பிச்ச போடுறான்."

போன் உடனே அடித்தது. அதை எடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை. கடையை ஒட்டிய வீட்டிலிருந்து அவர் மனைவி வந்து எடுத்து, விலாசம் கேட்டுக்கொண்டார்.

கடை இப்போது நன்றாக நடக்கிறது. விளம்பரம் வாராவாரம் வருகிறது. அதில் சொல்லும் எண் மனைவியின் செல்போன் எண். சகலையோடு அவர் அன்றிலிருந்து பேசுவதில்லை.