கூட்டுக் கணக்கில் முதல் பெயர்

அந்தக் கூட்டுறவு வங்கியில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. வைப்புப் பிரிவில் அவள் உட்காராத நாற்காலி கிடையாது. ஆனால் அவளுக்குப் பெருமை நாற்காலியில் இல்லை, வாசல் அறிவிப்புப் பலகையில் இருந்தது. புதுத் திட்டம் எது வந்தாலும் யார் சேரலாம், வட்டி என்ன, நடுவில் எடுத்தால் எவ்வளவு குறையும் என்று அவள்தான் வாசகம் எழுதுவாள். ஓர் எழுத்துப் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று மேனேஜரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அதெல்லாம் சின்னவள் வேலைக்கு வரும்வரை. அவள் கம்ப்யூட்டரில் படம் போட்டு, வண்ணம் அடித்து, உறுப்பினர்களின் போனுக்கே விளம்பரம் அனுப்பலாம் என்றாள். மேனேஜர் குளிர்ந்துபோய், இனிமேல் வாசகம் எல்லாம் சின்னவளே எழுதட்டும் என்றுவிட்டார். பெரியக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன குறைந்தா போய்விடும்? அன்றைக்கு அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அதற்கு வேறு பேர் வைத்துப் பயனில்லை.

மூன்றாண்டு வைப்புத் திட்டம் வந்தது. சின்னவள் சிரிக்கிற வயதான தம்பதியின் படத்தைப் போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தாள்:

“மூணு வருஷம் வைங்க, முழு நிம்மதியா இருங்க! 18 வயது நிறைந்த உறுப்பினர்கள் சேரலாம். ஆண்டு வட்டி 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். 60 வயது நிறைந்தவர்களுக்கு 7.5 சதவீதம். கூட்டுக் கணக்கும் தொடங்கலாம். முன்கூட்டியே எடுத்தால், வைத்திருந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறையும்.”

வெளியே போகுமுன் அச்சு நகல் பெரியக்கா மேஜைக்கு வந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாசித்த உடனே அவளுக்குப் பட்டுவிட்டது. கூட்டுக் கணக்கில் முதல் பெயராக இருப்பவருக்கு 60 நிறைந்திருந்தால்தான் அந்த அரை சதவீதம் கிடைக்கும். அந்த வரியைக் காணோம். அவள் எழுதிய காலத்தில் அதற்கு அடிக்கோடே போடுவாள். பேனாவை எடுத்தாள். ‘பெரிய மேதாவிதானே, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்’ என்று மனம் சொன்னது. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள்.

அந்த வாரமே பட்டது, சின்னவளுக்கு அல்ல, ஒரு தையல்காரருக்கு. அறுபது தாண்டியவர். ஆசையாக மனைவி பெயரை முதலில் போட்டு, தன் பெயரை இரண்டாவதாகப் போட்டு, இருந்த சேமிப்பையெல்லாம் வைத்திருந்தார். மனைவிக்கு ஐம்பத்துநாலு. வைப்புச் சீட்டில் ஏழுதான் இருந்தது. போனை நீட்டிக்கொண்டு அவர் கவுன்டரில் நின்றார்.

“ஏழரைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. நான் என்ன, இல்லாததையா கேக்குறேன்?”

மேனேஜர் அறைக்குள் எல்லாரும் கூடினார்கள். பழைய வைப்பை முடித்து, அவர் பெயரை முதலில் வைத்துப் புதிதாகப் போட்டுத் தருவதாகப் பேசி அனுப்பினார்கள். வைத்து ஏழு நாள்கூட ஆகாததால் அந்தச் சில நாள் வட்டி அவருக்குப் போனது போனதுதான். அவர் தலை மறைந்ததும் மேனேஜர் சின்னவளைப் பிடிபிடியென்று பிடித்தார். பெரியக்கா சுவரோரமாக நின்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூட இருந்தது. பிறகுதான் அவர் அந்த நகலை எடுத்து, அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க பாத்தீங்கதானே?”

அவள் வாயைத் திறக்குமுன் சின்னவள் குறுக்கே வந்தாள்.

“அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவங்க கையெழுத்து இல்லாம எதையும் அனுப்ப மாட்டேன்னு உங்ககிட்ட நான்தான் அடம்பிடிச்சேன். பாவம், அவங்களுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல போல. நான்தான் வாசிச்சுக் காட்டியிருக்கணும்.”

பாவமாம்! எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பொடி எழுத்துகூட பெரியக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

“ஆமாப்பா,” என்றாள். “கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு.”

மேனேஜரின் முகம் இளகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து சின்னவள் ஒவ்வொரு வாசகத்தையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாள். கூட்டுக் கணக்கு வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கிறாள். சின்னவளின் தோளுக்கு மேலாக முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் படித்து முடித்துவிட்டு, பெரியக்கா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.