வேர்வை தெரியாத நிறம்

நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு வரும் காலைப் பேருந்தில் செல்வமாரி சாய்ந்து உட்கார மாட்டாள். ஒன்றரை மணி நேரமும் முதுகு இருக்கையில் படாமல், கைகளை விலாவிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, முன்கம்பியைப் பிடித்தபடி வருவாள். பக்கத்தில் உட்காருபவர்கள் முதுகு வலியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அதுதான் சுலபம்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அய்யாத்துரை என்பவருடைய ஜவுளிக்கடையில், மாடியில் உள்ள பட்டுச்சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. மேல் தட்டில் இருக்கும் சேலைக்கட்டை எட்டி எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும், பெண்வீட்டார் கேட்டால் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். மடித்து வைத்தால் சாதாரணமாகத் தெரிகிற சேலையை இவள் தோளில் போட்டு, முந்தியைக் கையில் ஏந்தி நின்றால், வேண்டாம் என்று நகர்ந்தவர்களும் திரும்பி வருவார்கள். கடையில் எல்லாருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும்.

போன வருடத்திலிருந்துதான் உடம்பு மாறியது. மாதக் கணக்கு தப்பித் தப்பி வந்தது. சும்மா நிற்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறும். அடுத்த நிமிடம் அக்குளும் முதுகும் நனைந்திருக்கும். ஏசி ஓடினாலும் அப்படித்தான். பையில் மூன்று கைக்குட்டை, ஒரு மாற்று ரவிக்கை, பவுடர் டப்பா என்று சுமந்து வந்தாள். கையை உயர்த்த வேண்டிய வேலை வந்தால் தீபலட்சுமியைக் கூப்பிட்டுக்கொள்வாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. கேட்டதைச் செய்வாள், ஏன் என்று கேட்க மாட்டாள்.

மாசி மாத முகூர்த்த நேரத்தில் அது நடந்தது. சந்தன நிறப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்தபோது, உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை அதையும் பார்த்தார், செல்வமாரியையும் பார்த்தார். வேறு சேலை காட்டச் சொன்னார்.

அய்யாத்துரை கோபப்படுகிறவர் இல்லை. கூட்டம் குறைந்தபிறகு கூப்பிட்டு, சித்திரையில் எல்லாருக்கும் புது யூனிஃபார்ம் வரப்போகிறது, பருத்திதான், உனக்கும் காற்றோட்டமாக இருக்கும் என்றார். பிறகு மேசை மேல் இருந்த ரசீதுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"அதுக்கப்புறமும் இப்படின்னா, நீ கீழ கட்டுப் பிரிக்கிற எடத்துக்குப் போயிரு செல்வமாரி. அங்கன யாரும் பாக்கப் போறதில்ல."

கட்டுப் பிரிக்கிற இடம் என்பது ஜன்னல் இல்லாத பின்னறை. அட்டைப் பெட்டியும் சணலும் சரக்கு லாரியும்தான் அங்கே பேச்சுத் துணை.

அப்போது இருந்த யூனிஃபார்ம் காபி நிறச் சேலையும் ரவிக்கையும், செயற்கை இழைத் துணி. அடர்ந்த நிறம் ஈரத்தை மறைத்துவிடும். ஆனால் காய்ந்த பிறகு உப்பு வெள்ளைக் கோடாக வரைந்து நிற்கும். உடம்போடு ஒட்டி வேகவும் வைக்கும். அதனால் பருத்தி என்றதும் பதினான்கு பெண்களும் சந்தோஷப்பட்டார்கள். துணி வந்தபோது செல்வமாரி மட்டும் அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள். பூ இல்லை, கட்டம் இல்லை. மழைமேகத்தைக் கழுவிவிட்டது போன்ற வெறும் சாம்பல் நீலம்.

பதினோரு வருடம் துணிக்குள் இருந்தவளுக்கு இது தெரியாதா? நனைந்தால் எந்த நிறம் அதிகமாகக் கறுக்குமோ அது காட்டிக்கொடுக்கும். சாம்பலும் வான நீலமும்தான் முதலில் நிற்பவை. வெள்ளை அவ்வளவாகக் காட்டாது, ஆனால் நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். நாள்பட்டால் அக்குளில் மஞ்சள் ஏறும். வெளிறிய நிறத் துணியில் நெருக்கமாகச் சின்னப் பூவோ பொடிக்கட்டமோ இருந்தால்தான் பார்க்கிறவர்கள் கண் ஓரிடத்தில் நிற்காது.

பூப்போட்டது நன்றாக இருக்குமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பூப்போட்டால் வாங்க வந்தவர் யார், வேலை செய்கிறவர் யார் என்று தெரியாது என்றார் அய்யாத்துரை. ஈரம் தெரியுமே என்று வேறு யாரோ கேட்டதற்கு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து துணிமேல் இரண்டு சொட்டு விட்டார். சொட்டு உருண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டார். துணியில் அடையாளமே இல்லை.

"பாத்துக்கோங்க. ஊறவே இல்ல," என்றார்.

பெண்கள் தலையாட்டினார்கள். அது மில்லில் போட்ட கஞ்சி, நாலு தடவை துவைத்தால் போய்விடும் என்று செல்வமாரி சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் எல்லார் முன்னாலும் சொல்லக்கூடியதாக இல்லை.

புதியம்புத்தூரில் ஒரு தையல் கூடத்துக்குத் துணி போனது. அளவு பார்க்க முதலில் ஒரே ஒரு ரவிக்கை தைத்து அனுப்பினார்கள். மூத்தவள் என்பதால் செல்வமாரி அளவுக்கு. சனிக்கிழமை அது வந்தது. சரியாக இருந்தால் வியாழக்கிழமை மற்றவற்றையும் வெட்டிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரவிக்கையை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டாள். கரிசல்காட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் அரைமணியில் காய்ந்தது. மறுபடி துவைத்தாள். மூன்றாவது தடவை அவள் கொடியில் போடும்போது, ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த கணவர் சுந்தரபாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, புதுத் துணிய ஏன் இந்தப் பாடு படுத்துத? அது உனக்கு என்ன செஞ்சிச்சு?"

"செய்யப் போவுது," என்றாள்.

காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். விழுந்த இடத்திலேயே துணி அதைக் குடித்துக்கொண்டது; மைக்கறை போலக் கறுத்து விரிந்தது. வீட்டில் கிடந்த பழைய துணிகளையும் எடுத்து வந்து சொட்டு விட்டாள். வெண்ணெய் நிறத்தில் பொடி இலை போட்ட ஒரு துண்டில் மட்டும், எங்கே விட்டோம் என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுந்தரபாண்டி அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். இரவுகளில் அவள் எழுந்து உட்கார்ந்து விசிறிக்கொள்வது அவருக்குத் தெரியும்.

"மொதலாளிட்ட காட்டு," என்றார்.

இரண்டு நாள் தயங்கி, புதன்கிழமை காலைதான் காட்டினாள். அய்யாத்துரையின் மேசையில் ரவிக்கை, இலை போட்ட துண்டு இரண்டையும் வைத்து, தண்ணீர் விட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினால் எதுவும் நனையத்தான் செய்யும், வேலைக்கு வருகிறவர்கள் என்ன கண்மாயில் முங்கிவிட்டா வருகிறார்கள் என்றார். பக்கத்தில் நின்ற கணக்கர் சிரித்தார். நாளைக்கு வெட்டுகிறார்கள், இனிமேல் மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்.

செல்வமாரி துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். பதினோரு மணி வரை சும்மா நின்றாள். நாளை வெட்டிவிட்டால், சித்திரை முதல் முகூர்த்தத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். சேலையைத் தோளில் போடும்போது இல்லை, அதற்கு முன்னாலேயே, கட்டை எடுக்கக் கை தூக்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம் பின்னறைதான்.

கழிப்பறைக்குப் போய் காபி நிற ரவிக்கையைக் கழற்றினாள். துவைத்த சாம்பல் நீல ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள். கைக்குட்டைகளைப் பையிலேயே வைத்துவிட்டு வந்தாள். தீபலட்சுமி பார்த்துவிட்டு, இன்றைக்கே போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். அளவு பார்க்கத்தான் என்றாள்.

பன்னிரண்டே காலுக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் விளக்கு மட்டும்தான் எரியும், ஏசி ஓடாது. செல்வமாரி ஜன்னல் பக்கம் ஒதுங்கவில்லை, விசிறிக்கொள்ளவும் இல்லை. ஒரு வருடமாக எதை ஒளித்துவைத்தாளோ அது இப்போது வரவேண்டும் என்று நின்றாள். இந்தச் சமயம் பார்த்து வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது. வந்தது. கழுத்துக்கு ஏறி, காதுமடல் சுட்டது.

அய்யாத்துரை இருப்புப் பார்க்க மாடி ஏறி வந்தார். சந்தன நிறத்தில் எத்தனை மிச்சம் என்று கேட்டார். மேல் தட்டில் இருந்தது. தீபலட்சுமி எடுக்க வந்தாள். செல்வமாரி அவளைத் தடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

தூக்கியபடியே நின்றாள். கட்டை எடுக்கவில்லை.

அக்குளிலிருந்து விலா வரை இரண்டு பக்கமும் கறுத்திருந்தது. முதுகில் ஒரு நீளப் பட்டை. தீபலட்சுமி பதறி அவள் முந்தியை இழுத்து மூடப் பார்த்தாள். செல்வமாரி விடவில்லை. ஸ்டூல் லேசாக ஆடியது.

"இது தண்ணி இல்ல அண்ணாச்சி," என்றாள். "எனக்குக் கொஞ்சம் கூட வரும், அம்புட்டுதான். சித்திரையில பதினாலு பேருக்கும் இங்கன இப்படித்தான் தெரியும்."

அய்யாத்துரை பார்த்தார். பிறகு பார்த்ததற்காகக் கூச்சப்பட்டவர்போல் தரையைப் பார்த்தார். இறங்கு, விழுந்துவிடப் போகிறாய் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டோம், இன்றைக்கே பின்னறைக்குப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தாள். இரண்டு மணிக்குக் கணக்கர் மேலே வந்தார். முதலாளி புதியம்புத்தூருக்குப் பேசி வெட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டதாகவும், அந்த இலை போட்ட துணியைக் கேட்பதாகவும் சொன்னார். சிரிக்கவில்லை.

அய்யாத்துரை துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலைக்கு ஒரே மாதிரி கரை வச்சிருவோம். அப்பதான் வேலை செய்யுதவியன்னு தெரியும்," என்றார். "ரவிக்கைக்கு வேற என்ன சொல்லணும்? நீயே அவிய கிட்ட பேசிரு."

அவர் நீட்டிய போனை வாங்கி அவளே பேசினாள். உள்ளே மெல்லிய வெள்ளைப் பருத்தி லைனிங். கைக்குழி ஒரு விரல் தளர்வாக. அக்குளில் வைத்து எடுக்கிற மாதிரி, இரண்டு மடிப்புப் பருத்தித் துண்டு, ஒருவருக்கு நாலு ஜோடி. மறுமுனையில் எழுதிக்கொண்டவர், இதெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

சித்திரையின் முதல் முகூர்த்தத்துக்குப் புது உடை வந்துவிட்டது. அன்று கூட்டம். பகல் ஒரு மணிக்கு ஒரு தாயும் மகளும் வந்து சந்தன நிறத்தையே கேட்டார்கள். விரித்துப் பார்த்துவிட்டு, உங்கள் தோளில் போட்டுக் காட்டுங்கள் என்றார் தாய். மாடிப்படியில் அய்யாத்துரை நின்றிருந்தார். பட்டு தோளில் விழுந்த அதே நேரத்தில் நெஞ்சிலிருந்து சூடு கிளம்பியது. செல்வமாரி முந்தியை ஏந்திக்கொண்டு நின்றாள். தாய் தூரப் போய்ப் பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், மகளை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி இங்கே பார்த்தார். முதுகில் ஒரு சொட்டு இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

சேலையை எடுத்ததும் மடிக்கிற சாக்கில் உள்பக்கத்தைத் தடவினாள். காய்ந்திருந்தது. தாய் அதையே பில் போடச் சொன்னார். படியில் பார்த்தாள்; அய்யாத்துரை இல்லை.

"எதாவது தெரியுதாட்டி?" என்று தீபலட்சுமியிடம் கேட்டாள்.

தீபலட்சுமி பின்னால் சுற்றி வந்து பார்த்தாள்.

"இலைதான் தெரியுது."

கழிப்பறையில் நனைந்த துண்டுகளை எடுத்துவிட்டுக் காய்ந்த ஜோடியை வைத்துக்கொண்டாள். நனைந்ததை அலசி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கம்பியில் போட்டாள். அங்கே வேறு ஐந்து ஜோடிகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தன. யாருடையவை என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னுடையதை அடையாளத்துக்காக ஓரமாகத் தள்ளி மாட்டிவிட்டு, மேலே கூப்பிடுகிற குரல் கேட்டு, படியேறினாள்.