வாடகைக்கு விட்ட கிளாக்கர்

ஏஜெண்ட் ஐயாவின் கந்தோர் மட்டக்களப்புக் கடைத்தெருவில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் மன்னரின் படம். வேலை தேடி வந்தவர்கள் உட்கார ஒரு வாங்குகூடக் கிடையாது. நிற்க வைத்தால்தான் வந்தவனுக்குத் தன் நிலைமை விளங்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அது இரண்டாவது உலக யுத்த காலம். ஊருக்கு அண்மையில் விமானங்கள் இறங்குவதற்கு வெளி திருத்தினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு கொந்தராத்துக் கம்பனி அந்த வேலையைச் செய்தது. கம்பனிக்குக் கல் சுமக்கவும், மண் வெட்டவும், கணக்கு எழுதவும் ஆட்கள் வேண்டும். ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது ஏஜெண்ட் ஐயாவின் தொழில். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு அதை ஒரு தர்ம காரியம் போலச் செய்தார்.

நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு ஆரையம்பதியில் சும்மா இருந்தேன். அப்பா வாவியில் இறால் பிடிப்பவர். அவருக்கு இழுப்பு. மாரி பிறந்துவிட்டால் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை வீசிவிட்டு வந்து, விடியும்வரை சுவரில் சாய்ந்து மூச்சுக்குப் போராடுவார். அடுத்த மாரிக்கு முன்னால் எனக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும், அப்பா தண்ணீரில் இறங்கக்கூடாது. எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் நிலபுலன் உள்ள போடியாரிடம் வயல் செய்யக் கேட்டுப் போகிறவர்கள் வட்டாத் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டுவார்கள். போடியார் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டால், அதன்பிறகு அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு அவரும் பொறுப்பு. அப்பா அதே நினைப்பில், மாடிப்படியில் மூச்சு வாங்க வாங்க, பித்தளை வட்டாவைச் சுமந்துகொண்டு ஏறினார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டாவை நீட்டினார்.

ஏஜெண்ட் ஐயா வெற்றிலையைப் போட்டார். நன்றாகவே மென்றார். பிறகு பதிவுக்கூலி என்று ஒரு தொகையையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"மகனப் பத்தி யோசிக்காதிங்க. இனி அவன் என்ர பொறுப்பு" என்றார்.

அப்பா அதை அப்படியே நம்பினார். நானும் நம்பினேன். சீனியர் பாஸ் பண்ணிய மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. வேலை யாருக்குக் கீழே, சம்பளம் யார் கையால், மழைநாளில் சம்பளம் உண்டா, இந்த மனிதருக்குக் காசு கொடுப்பது யார் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். வேலைக்கு ஆள் கேட்பவனிடம் கூலி வாங்கும் ஏஜெண்டு, வேலை கேட்பவனிடமும் கை நீட்டினால் அப்போதே எழும்பி வந்துவிட வேண்டும். நாங்கள்தான் உட்காரவே இல்லையே.

கம்பனியின் சாமான் கொட்டிலில் என்னைக் கிளாக்கராக வைத்தார்கள். சீமெந்து, ஆணி, தகரம் எல்லாவற்றுக்கும் வரவு செலவு எழுதுவது என் வேலை. எனக்கு மேலே ஸ்டோர் கீப்பர். ஊர்ப் பறங்கியர், வாய் கொஞ்சம் பொல்லாதது, மனம் நல்லது. சம்பளத்தைக் கம்பனி எனக்குத் தரவில்லை. வாரக் கடைசியில் ஏஜெண்ட் ஐயாவின் ஆள் ஒரு துணிப்பையோடு வந்து, வேலை செய்த நாட்களுக்கு மட்டும் தந்துவிட்டுப் போனான். மழையால் வேலை நின்ற நாளுக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் நாளுக்கும் இல்லை.

ஒருநாள் இது போதவில்லை என்று ஸ்டோர் கீப்பரிடம் முணுமுணுத்தேன்.

"போதாதா? உனக்கெண்டு கம்பனி நாளுக்கு எவ்வளவு குடுக்குது தெரியுமா?" என்று கேட்டு, தொகையையும் சொன்னார். என் கைக்கு வந்தது அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். மீதி ஒவ்வொரு நாளும் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பதிவுக்கூலியோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த உறவுக்கு அந்த மனிதர் தினமும் வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். ஆளைத் தேடிப் பிடிப்பவனுக்குக் கம்பனி கூலி கொடுப்பது நியாயம்தான். எவ்வளவு என்பதை என்னிடம் மறைத்ததுதான் அயோக்கியத்தனம்.

மாரி தொடங்க முன்னம் ஸ்டோர் கீப்பர் என்னைக் கூப்பிட்டார். என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம், மாதச் சம்பளம், மழை பெய்தாலும் வரும் என்றார். அன்று ஆரையம்பதிவரை சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதம் கையில் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

கடிதம் வரவில்லை. ஸ்டோர் கீப்பர்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"தம்பி, கம்பனி ஏஜெண்டோட எழுதின ஒப்பந்தம் ஒண்டு இருக்கு. அவன் அனுப்பின ஆள ஒரு வருசத்துக்குள்ள நாங்க நேராச் சேக்க ஒண்ணா. சேத்தா அவனுக்கு ரெண்டு மாசச் சம்பளம் கட்டணும். கொழும்புக் கந்தோர் கட்டமாட்டனெண்டு சொல்லிற்றுது."

"நான் வேலைய விட்டுற்று மறுகா வந்தா?"

"விட்டுற்று வந்தாலும் அந்த வருசம் முடியணும்."

நான் கையெழுத்துப் போடாத ஒரு ஒப்பந்தத்தில் நான் அகப்பட்டிருந்தேன். நேரே மாடிக்குப் போனேன். அந்தத் தொகையை விட்டுக்கொடுக்கும்படி கெஞ்சினேன். அப்பாவின் இழுப்பைச் சொன்னேன். மாரி வருகிறது என்று சொன்னேன்.

ஏஜெண்ட் ஐயா சுழல் நாற்காலியில் அரைச்சுற்றுச் சுற்றினார்.

"தம்பி, உன்ன நான் கம்பனிக்கு விக்கல்ல. வாடகைக்குத்தான் விட்டிருக்கன். வேணுமெண்டா அவங்க வாங்கட்டும்."

"அப்பாட்ட என்ர பொறுப்பெண்டு சொன்னிங்களே ஐயா?"

"ஓம். பொறுப்பாத்தானே வச்சிருக்கன். வேற எங்கயும் போகாம."

சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நெற்கதிர் மிதித்துச் சூடடிக்க எருமை வாடகைக்கு விடுகிறவன்கூட மாட்டுக்கு வைக்கோலாவது போடுவான்.

மாரி பெய்தது. வெளி முழுதும் தண்ணீர். வேலை நின்றது, துணிப்பைக்காரனும் வரவில்லை. வீட்டில் அரிசிப் பானையை வழிக்கும் சத்தம் கேட்டதும் அப்பா வலையை எடுத்தார். நான் போகிறேன் என்றேன்.

"உனக்கு வலை வீசத் தெரியுமா மனே? படிச்ச பிள்ளை, கரையில நில்லு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் வாவிக்கரையில் ஒரு கார் வந்து நின்றது. ஏஜெண்ட் ஐயா குடையோடு இறங்கினார். வீட்டில் விருந்தாம், நல்ல இறால் வேண்டுமாம். நெஞ்சளவு தண்ணீரிலிருந்து அப்பா மூச்சு இரைக்க ஏறி வந்தார். உதடு கறுத்திருந்தது. அந்த மனிதர் இறாலைக் கிளறிப் பார்த்து, சிறிசு என்று குறைசொல்லி, விலையைக் குறைத்துக் கேட்டார். அப்பா மறுபேச்சில்லாமல் குறைத்தார். பிறகு வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெரிய இறாலையும் இரண்டு கைகளாலும் அள்ளி அவருடைய கூடையில் போட்டார்.

"இதுக்குக் காசு வேணா ஐயா. என்ர மகனுக்கு வேலை எடுத்துத் தந்தவங்க நீங்க" என்றார்.

சொல்லி முடிக்க முன்னமே இருமல் வந்துவிட்டது. நான் அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இறால் போனது போனதுதான், சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அந்த நம்பிக்கையும் போயிருக்கும். ஏஜெண்ட் ஐயா குடையை மடக்கிவிட்டு, கூடையைக் கொண்டுவந்து வைக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தேன்.