கவலைக்கு ஒரு பீரியட்

"இருபத்தாறு வருஷத்துல நான் பேசித் தீராத கவலைன்னு ஒண்ணு இருந்தா காட்டுங்க. வாயைத் திறந்தா போதும், பிள்ளைங்க பயம் பறந்துடும்" என்று ஆசிரியர் அறையில் அறைகூவல் விட்டவர் வேதியியல் ஆசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் ரேடியோ. அணைக்கும் பொத்தான் இல்லாத ரகம்.

தலைமையாசிரியை அவரை நம்பினார். பொதுத்தேர்வுக்கும் நுழைவுத்தேர்வுக்கும் ஒருசேரப் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதன்கிழமை கடைசி பீரியடை மன இறுக்கம் தளர்த்த ஒதுக்கி, அவர் கையில் ஒப்படைத்தார்.

"நாலு வாரம் பார்ப்பேன் சார். பிள்ளைங்க தாங்களா வரலைன்னா டெஸ்ட் பீரியடா மாத்திடுவேன்."

முதல் வாரம் அறை நிறைந்தது. ரேடியோ நாற்பது நிமிடம் அமைதியின் மேன்மையை உரத்த குரலில் விளக்கினார். இரண்டாம் வாரம், எவ்வளவு அமைதியடைந்தார்கள் என்று அறிய இருபது மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்து, தரவரிசையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். முதலிடம் பிடித்தவள் அழுதாள். அரை மதிப்பெண் போய்விட்டதாம். மூன்றாம் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் குடையைத் தேடி வந்தவன்.

பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகர் நேராகவே சொல்லிவிட்டார்.

"சார், அவங்க பேசணும். யாராவது காது கொடுத்துக் கேக்கணும்."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

"நீங்க இருக்கறதுதான் சார் சிக்கல்."

ஆலோசகர் மூன்று மாலைகள் கூடுதலாக வந்து, வகுப்பே தேர்ந்தெடுத்த ஆறு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மார்க் கேட்கக் கூடாது. அறிவுரை கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் உடனே ஆலோசகரிடம் சொல்லியாக வேண்டும், அதைப் பேச வருபவரிடம் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். ரேடியோவுக்கு ஒதுக்கப்பட்ட பொறுப்பு, நாற்காலி போடுவது.

நான்காம் புதன் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஐந்து நிமிடம் மெல்ல மூச்சை இழுத்துவிட்டு, சிறு சிறு வட்டங்களாக உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு மாசமா அப்பா என்னை டாக்டர்னுதான் கூப்பிடறார்டா. நான் இன்னும் பரீட்சையே எழுதலை."

"எங்க வீட்ல நாய்கூட என்னைப் பார்த்தா ஊசிக்குப் பயப்படுற மாதிரி ஒதுங்குது" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வட்டமே சிரித்தது. முதலில் பேசியவனுக்கும் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. வாசலில் நின்று பார்த்த தலைமையாசிரியை, "பரீட்சை வரைக்கும் இது நடக்கட்டும்" என்றார். மாணவர்கள் தட்டிய தட்டில் மேசைகள் அதிர்ந்தன. கிடைத்த பாராட்டு முழுவதையும் ரேடியோ பெருந்தன்மையோடு தானே ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் ஆய்வகத்துக்கு அந்த அரை மதிப்பெண் பெண் வந்தாள்.

"சார், கூடப் படிக்கிறவங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்கு. உங்ககிட்ட சொல்லலாமா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். கேள்வித்தாளைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறப்பதை, வீட்டில் சொல்ல முடியாததை அவள் சொன்னாள். நடுவே அழுதாள். மறுபடி சொன்னாள். மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க சார், தேங்க்ஸ்."

அவர் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.